அடிக்கு ஓர் இஞ்ச் எதுவரை? வீடு கட்டுவோர் கேள்வி-பதில்

14 அடி ஹாலுக்கு 14 இஞ்ச் பீம் போதும் என்கிறார் கொத்தனார். ஸ்லாபின் கனம் இதில் சேருமா? (நாகர்கோவில்)

சேரும். ஸ்லாபின் மேல்மட்டத்திலிருந்து பீமின் அடிமட்டம் வரைதான் கணக்கு. 5 இஞ்ச் ஸ்லாப் என்றால் கீழே 9 இஞ்ச் தெரியும். ஆனால் அடிக்கு ஓர் இஞ்ச் என்பது இரு முனையும் நன்றாக உட்கார்ந்து, மேலே வெறும் ஸ்லாபை மட்டும் தாங்கும் பீமுக்குச் சொன்னது. அதுவும் 15 அடி வரைக்கும்தான். கம்பி எத்தனை என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

ரூம் கொஞ்சம் பெரிசு. ஸ்லாப் எத்தனை இஞ்ச் போடலாம்? (தக்கலை)

கொஞ்சம் என்றால் எத்தனை அடி? டேப் பிடித்து அளந்துவிட்டு எழுதுங்கள்.

10-க்கு 18 அறை. 18 அடிக்குத் தக்க கனம் வேண்டுமா? (குலசேகரம்)

வேண்டாம். நான்கு பக்கமும் சுவரோ பீமோ இருந்தால் குட்டைப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். 10 அடிக்கு நாலரை இஞ்ச், 12 அடிக்கு 5. குட்டைப் பக்கமே 12-ஐத் தாண்டினால் இன்ஜினியரிடம் போங்கள்.

மாடியில் 5 அடி வெளியே நீட்டி பால்கனி. அதற்கும் ஸ்லாப் கனமே போதும், கம்பியைக் கூட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். சரியா? (மார்த்தாண்டம்)

சரியில்லை. இதைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது.

நீட்டிய ஸ்லாப் ஒரு பக்கம் மட்டுமே பிடிப்புள்ளது. 5 அடிக்குச் சுவரோரத்தில் குறைந்தது 6 இஞ்ச் வேண்டும், முனையில் 4-ஆகக் குறைத்துக்கொள்ளலாம். இழுவிசை மேல்பக்கம் வருவதால் முக்கியக் கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். அது உள்ளே அறை ஸ்லாபுக்குள் ஒன்றரை மடங்கு, அதாவது ஏழரை அடியாவது போக வேண்டும். பின்னால் அறை இல்லாமல் மாடிப்படியோ திறந்த வெளியோ இருந்தால் இந்தக் கணக்கை மறந்துவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

கெடுவது பெரும்பாலும் வார்க்கிற அன்றைக்குத்தான். காலையில் கம்பி ஒழுங்காக மேலே கட்டியிருக்கும். பத்து மணிக்குச் சட்டி தூக்குகிறவர்கள் அதன்மேலேயே நடப்பார்கள். மதியம் பார்த்தால் கம்பி 2 இஞ்ச் இறங்கிக் கிடக்கும். 6 இஞ்ச் ஸ்லாபில் கம்பியிலிருந்து அடிமட்டம் வரை நாலே முக்கால் இஞ்ச் இருந்தது, இப்போது இரண்டே முக்கால். பலம் கிட்டத்தட்ட பாதிக்கு வந்துவிட்டது! வெளியே பார்த்தால் 6 இஞ்ச் 6 இஞ்ச்தான், யாருக்கும் தெரியாது. பலகை பிரித்தபின் சுவரோரமாக மேல்பக்கத்தில் நீளவாக்கில் கீறல் ஓடும். அதைச் சிமெண்ட் பால் ஊற்றி மறைப்பார்கள்.

ஆகவே மேல்கம்பி இறங்காமல் தாங்க அதன் அடியில் மூன்றடிக்கு ஒரு சேர் கம்பி, அதாவது நாற்காலி மாதிரி வளைத்த கம்பி, வையுங்கள். நடக்கப் பலகை போடுங்கள். கான்கிரீட் கொட்டும்போது நீங்களே அங்கே நில்லுங்கள். கீறல் வந்துவிட்டால் முட்டு கொடுத்துவிட்டு இன்ஜினியரிடம் காட்டுங்கள். அதுவரை அங்கே பூந்தொட்டிகூட வேண்டாம்.

கொளச்சலில் கடலை ஒட்டி மனை. நாலரை இஞ்ச் ஸ்லாப் இங்கும் போதுமா? (கொளச்சல்)

போதாது. கடல் காற்று நேரே படுகிற கான்கிரீட்டுக்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 கேட்பது கம்பியை மூட 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர், எம் 30 என்ற பலமான கலவை. நாலரை இஞ்ச் என்பது 115 மில்லிமீட்டர். கவரும் கம்பியில் பாதியும் போக வேலை செய்யும் ஆழம் 65-தான் மிஞ்சும். கடலை விட்டுத் தள்ளிய ஊரில் அதே ஸ்லாபில் 20 கவரோடு 90 கிடைக்கும். கவரைக் குறைத்தால் கம்பி துருப்பிடித்து வீங்கி, ஸ்லாபின் அடிப்பக்கம் பெயர்ந்து விழும். அதனால் கனத்தைத்தான் ஓர் இஞ்சாவது கூட்ட வேண்டும். எம் 30-ஐச் சட்டி அளந்து கலந்து கொண்டுவர முடியாது. கலவைக்கும் கம்பிக்கும் இன்ஜினியர் கட்டாயம் வேண்டும்.

கீழே 14 அடி பீம் போட்டுவிட்டோம். மாடியில் அதன்மேல் சுவர் எழுப்பலாமா? (தோவாளை)

ஸ்லாபுக்கு மட்டும் போட்ட பீம் என்றால் எழுப்பாதீர்கள். 9 இஞ்ச் செங்கல் சுவர் 10 அடி உயரத்துக்கு அடிக்கு சுமார் 400 கிலோ. 14 அடிக்கு ஐந்தரை டன்னைத் தாண்டும். வார்க்கும் முன்னால் கேட்டிருந்தால் ஆழத்தையும் கம்பியையும் கூட்டியிருக்கலாம். தூண் எழுப்பவோ கீழ்ச்சுவரை எடுக்கவோ நினைத்தாலும் இதே பதில்தான்: முதலில் இன்ஜினியர், அப்புறம் சுத்தியல்.

பீமில் பைப்புக்கு ஓட்டை போடலாமா? (குழித்துறை)

வார்க்கும் முன்பே பைப் நுழைய ஸ்லீவ் குழாய் வைத்தால் சிறிய பைப் ஒன்று போகலாம். ஆழத்தின் நடுவில், தூணை விட்டுத் தள்ளி. வார்த்தபின் உளி வைக்க வேண்டாம்.