தவறான விடைகளை எழுதுவது எப்படி?

கேள்வி: இயற்பியல் கொள்குறி வினாவில் தவறான விடைகளைச் சும்மா நிரப்பாமல், மாணவரின் தவறான புரிதல் தெரியும்படி எப்படி எழுதுவது?

முதலில் விடைகளே தராமல் கேளுங்கள்: “மேலே எறிந்த பந்து, கையை விட்ட பிறகு ஏறும்போது அதன்மீது என்னென்ன விசைகள் செயல்படும்? காற்றுத்தடை இல்லை.” பலர் “எறிந்த விசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்” என்று எழுதுவார்கள். அதை அவர்கள் வார்த்தையிலேயே ஒரு விடையாக வையுங்கள். பாடநூல் நடைக்கு மாற்றினால், அது தன் எண்ணம்தான் என்று மாணவருக்குத் தெரியாமல் போய்விடும். சரியான விடை, ஈர்ப்பு விசை மட்டும்.

அப்புறம், ஒரு விடையில் ஒரே ஒரு தவறான எண்ணம் இருக்கட்டும். “உச்சியில் பந்தின் முடுக்கம் எவ்வளவு?” என்பதற்கு வெறும் ‘0’ வைத்தால் நிறையப் பேர் தேர்ந்தெடுப்பார்கள், ஆனால் காரணம் தெரியாது. ஒருவர் திசைவேகத்தையும் முடுக்கத்தையும் குழப்பியிருப்பார். இன்னொருவர் எறிந்த விசையும் ஈர்ப்பும் அங்கே சமமாகிவிட்டன என்று நினைத்திருப்பார். இருவருக்கும் நடத்த வேண்டிய பாடம் வேறு. எனவே இரண்டாகப் பிரியுங்கள்: “0, ஏனெனில் அங்கே திசைவேகம் 0”, “0, ஏனெனில் இரு விசைகளும் சமம்”. சரியான விடைக்கும் காரணம் சேருங்கள்: “கீழ்நோக்கி 9.8 மீ/வி², ஏனெனில் ஈர்ப்பு மட்டுமே உண்டு”. இல்லையென்றால் நீளமே காட்டிக்கொடுத்துவிடும்.

9.8-ஐ 8.9 என்று மாற்றி வைப்பது கவனக்குறைவை மட்டுமே பிடிக்கும். யாருமே தொடாத விடையை எடுத்துவிடுங்கள். மூன்று விடைகள் போதும்.