200 ஹெர்ட்ஸில் மணல் ஏன் கோலம் போடவில்லை?

“கும்பகோணம் பக்கத்தில் அறிவியல் ஆசிரியர் நான். 30 செ.மீ. விட்டமுள்ள வளையத்தில் ரப்பர் தாளை இழுத்துக் கட்டி, நடுவுக்கு நேர் கீழே ஒலிபெருக்கி வைத்து, மேலே காவிரி மணலைத் தூவினேன். 100 ஹெர்ட்ஸில் தாள் முழுவதும் நன்றாக அதிர்ந்தது. கம்பியில் செய்வதுபோல 200க்கு ஏற்றினால் ஒன்றும் தெரியவில்லை. என்ன தவறு?”

200 என்ற எண்தான் தவறு. 60 செ.மீ. கம்பி இரண்டாம் நிலையில் அதிரும்போது 30 செ.மீ.யில் ஒரு கணு, அதாவது அசையாத புள்ளி, விழும். மூன்றாம் நிலையில் 20, 40 செ.மீ.யில். துண்டுகள் சம நீளம் என்பதால் அதிர்வெண்களும் 1, 2, 3 என ஏறுகின்றன. வட்டச் சவ்வில் அந்தச் சமப் பங்கீடு கிடையாது. நடுவிலிருந்து கிளம்பும் அலை போகப்போகப் பெரிய வட்டத்தில் பரவ வேண்டியிருப்பதால் அதன் வீச்சு குறைந்துகொண்டே போகிறது. முதல் கணுவட்டம் ஆரத்தில் 0.436 பங்கில், உங்கள் தாளில் நடுவிலிருந்து 6.5 செ.மீ.யில் விழும், அதற்கு வெளியே 8.5 செ.மீ. அகலப் பட்டை. அதன் அதிர்வெண் 230 ஹெர்ட்ஸ்.

அதற்கு முன்பே வேறு இரண்டு நிலைகள் உண்டு. 159இல் விட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. 214இல் கூட்டல் குறிபோல் இரண்டு. ஒலிபெருக்கி நடுவில் இருக்கும்வரை இவை எழா, ஏனென்றால் இந்தக் கோடுகள் மையத்தின் வழியாகவே போகின்றன. அசையாத இடத்தைத் தள்ளிப் பயனில்லை. ஒலிபெருக்கியை நடுவிலிருந்து 7 அல்லது 8 செ.மீ. நகர்த்துங்கள். கணுவட்டத்தைக் காட்டும்போது மட்டும் மறுபடி நடுவுக்கே கொண்டுவாருங்கள், இல்லையென்றால் 214உம் 230உம் கலந்து வட்டம் கோணலாகும்.

இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். தாளோடு சேர்ந்து காற்றும் அசைவதால் மிகத் தாழ்ந்த அதிர்வெண்தான் அதிகம் இறங்கும். அடியை மூடினாலோ அது ஏறிவிடும். ஆகவே அடியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றித் தேடுங்கள். சலித்து உலர்த்திய மணல்தான் ஓடும். ஒலிபெருக்கியைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினால் விட்டக் கோடும் கூடவே திரும்ப வேண்டும். இரண்டு திசைகளில் மட்டும், அதுவும் சற்றே வேறுபட்ட அதிர்வெண்களில் அது நின்றுகொண்டால், தாளின் இழுவை எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லை என்று பொருள்.

மிருதங்கத்தை ஏன் சுருதி சேர்க்க முடிகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். வலது பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் பூசிய கறுப்பு வட்டமான கரணையின் எடைதான் காரணம். திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன் 1920லும் 1934லும் இதை எழுதினார். அந்த எடையால் விகிதங்கள் நகர்ந்து, ஒற்றைக் கோட்டு நிலையின் 1.59 ஏறக்குறைய 2 ஆகிறது. கூட்டல் குறியும் கணுவட்டமும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து 3 ஆகின்றன.