மின்வெட்டு நேரத்தில் ஒரு பூட்டு: பயிற்சி சிலைடிலிருந்து ஒரு கதை

கேள்வி: எங்கள் நெல் ஆலையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நாற்பது சிலைடுகளில் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறோம். மறுநாளே மறந்துவிடுகிறார்கள். அதைச் சிறுகதையாகச் சொன்னால் நிற்குமா? எந்தப் பகுதியை எடுக்கலாம்?

பதில்:

நிற்கும். ஆனால் நாற்பது சிலைடையும் கதையாக்க முயல வேண்டாம். ஒன்றே ஒன்றை எடுங்கள். நான் எடுத்தது இயந்திரத்தைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்லும் சிலைடு: நிறுத்து, மின்சாரத்தைத் துண்டி, உன் பூட்டைப் போடு, பெயர் அட்டையைத் தொங்கவிடு, ஸ்டார்ட் பொத்தானை அழுத்திச் சோதி. இந்த ஐந்தையும் கேட்டவுடன் ஒப்பிக்கிற பையன்கள் இருக்கிறார்கள். ஐந்தையும் செய்த பிறகும் கை போகக்கூடிய ஒரு நிலைமை உண்டு என்பதை அந்தச் சிலைடு சொல்லவில்லை. அதனால்தான் அதைக் கதையாக்கினேன். கிளிநொச்சிப் பக்கத்து ஆலை ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். கதையில் வரும் பையன், இத்தனை ஆண்டுகளில் நான் பழக்கிய பலரையும் சேர்த்து உருவாக்கியவன்.

கதை இதுதான்.

காலபோக அறுவடை முடிந்து நெல் குவிகிற மாதம். முற்றத்தில் லொறிகள் காத்து நிற்கின்றன. பையன் வேலைக்கு வந்து ஒன்பதாவது நாள். பிற்பகலில் மின்சாரம் நின்றுவிடுகிறது. பெல்ட்டில் வரிசையாகப் பொருத்திய வாளிகளால் நெல்லை மேலே ஏற்றும் இரண்டாம் எலிவேட்டர் நிறைந்த சுமையோடு ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் நின்றதும், ஏறும் பக்கத்து வாளிகளின் பாரத்தால் பெல்ட் பின்னோக்கி உருண்டு, நெல்லை அடிப்பெட்டிக்குள்ளேயே கொட்டிவிட்டது. பெட்டி இறுக அடைத்துக்கொண்டது. கையால் வாரி எடுத்தால்தான் இனி ஓடும்.

“கரண்ட் வருவதற்குள் பெட்டியைத் திறந்து வாரிவிடு” என்கிறார் லொறிக்காரர். பையன் அவசரப்படவில்லை. சுவரில் ஐசொலேட்டர்கள் வரிசையாக இருக்கின்றன. அவை ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டிக்கும் கைப்பிடி ஆளிகள். ‘எலிவேட்டர் 2’ என்று பெயின்டில் எழுதிய கைப்பிடியைக் கீழே இறக்குகிறான். தன் பூட்டைப் போட்டுத் திறப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறான். அட்டையில் பெயரும் நேரமும் எழுதித் தொங்கவிடுகிறான். பிறகு இரண்டாம் எலிவேட்டரின் ஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிறான். எதுவும் அசையவில்லை.

இந்த இடத்தில் நான் கதையை நிறுத்திவிடுவேன். “இப்போது பெட்டியைத் திறக்கலாமா?” என்று கேட்பேன். அநேகமாக எல்லாரும் திறக்கலாம் என்பார்கள். பயிற்சியை நன்றாகக் கவனித்தவர்கள்தான் முதலில் சொல்வார்கள். அந்தப் பதில் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சைப் பிசைகிறது.

பையனும் திருகாணிகளைக் கழற்றத் தொடங்குகிறான். இயந்திரம் பார்க்கும் மூத்த அண்ணை வந்து குனிகிறார்.

“தம்பி, சோதித்தாயா?”

“சோதித்தேன் அண்ணை. பொத்தானை அழுத்தினேன், ஓடவில்லை.”

“ஒன்றாம் எலிவேட்டரின் பொத்தானையும் அழுத்திப் பார்.”

பையன் போய் அழுத்துகிறான். அதுவும் ஓடவில்லை. அதை யாரும் பூட்டவில்லையே! அப்போதுதான் அவனுக்கு விளங்குகிறது. ஊருக்கே மின்சாரம் இல்லாத நேரத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே பதில்தான் வரும். மின்சோதனைக் கருவியை வைத்துப் பார்த்தாலும் பூச்சியம்தான் காட்டும். அவன் சோதித்தது மின்வெட்டை. பூட்டு இன்னும் சோதிக்கப்படவில்லை.

“மூடிவிட்டு வா. கரண்ட் வரட்டும்” என்கிறார் அண்ணை.

லொறிக்காரர் முணுமுணுக்கிறார். முக்கால் மணி நேரம் போகிறது. மின்சாரம் வந்ததும் பனல் அருகே நிற்பவரிடம் எதையும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் எலிவேட்டரிலிருந்து தள்ளி நிற்கச் செய்கிறார்கள். பையன் அதே பொத்தானை மறுபடி அழுத்துகிறான். பூட்டுத் தொங்கிக்கொண்டிருக்க, இரண்டாம் எலிவேட்டரின் மோட்டார் உறுமுகிறது. பெல்ட் ஒருமுறை துள்ளுகிறது. பையன் நிறுத்தும் பொத்தானை அறைகிறான்.

போன சிறுபோகத்துக்குப் பிறகு பனலில் வேலை செய்தபோது இரண்டு கேபிள்கள் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. சுவரில் எழுதியிருந்த பெயர்கள் பழையபடியே இருந்துவிட்டன. பையன் பூட்டியது ஒன்றாம் எலிவேட்டரை. அவன் கை பெட்டிக்குள் இருக்கும்போது மின்சாரம் வந்திருந்தால், பனல்காரர் வழக்கம்போல வரிசையாக எல்லாப் பொத்தான்களையும் அழுத்திக்கொண்டு வந்திருப்பார். அவர் நிற்கும் இடத்திலிருந்து அடிப்பெட்டி தெரியாது.

இப்போது சரியான ஐசொலேட்டரைப் பூட்டி மறுபடி சோதிக்கிறார்கள். பொத்தான் செத்துக் கிடக்கிறது. பக்கத்து இயந்திரத்தை ஒரு கணம் ஓட்டிப் பார்க்கிறார்கள், அது ஓடுகிறது. ஆலையில் மின்சாரம் இருக்கிறது, இந்த மோட்டாருக்கு மட்டும் போகவில்லை என்பது அப்போதுதான் உறுதியாகிறது.

பையன் பெட்டியைத் திறந்து கையை நீட்டுகிறான். அண்ணை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். “மேலே வாளிகளில் இன்னும் நெல் இருக்கிறது. இந்த அடைப்புத்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.”

இதற்கு நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஏறும் பக்கத்தில் நாற்பது வாளிகள், வாளிக்கு ஒரு கிலோ நெல் என்று வைத்துக்கொண்டால், 40 கிலோ ஒரு பக்கமாகத் தொங்குகிறது. பெல்ட்டும் வெறும் வாளிகளும் இரு பக்கமும் சமமாக இருப்பதால் அவற்றின் பாரம் கணக்கில் வராது. நெல்லின் பாரம் முழுவதும் பெல்ட்டைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. கீழே அடைத்த நெல்லை வாரி எடுக்க எடுக்கப் பிடிப்புத் தளர்ந்து, ஒரு கட்டத்தில் பெல்ட் தானாகவே ஓடும். இதற்கு மின்சாரம் தேவையில்லை. எந்தப் பூட்டும் இதைத் தடுக்காது. தலைப்பக்கக் கப்பியில் பின்னோட்டத் தடுப்பு இருந்தால் நல்லது. ஆனால் மின்சாரம் நின்றபோது பெல்ட் பின்னால் உருண்டது என்றால் அந்தத் தடுப்பு இல்லை, அல்லது தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடைப்பைப் பார்த்தவுடனே இதையும் ஊகித்துவிடலாம்.

அண்ணை எலிவேட்டரின் நடுவில் உள்ள கதவைத் திறந்து, பெல்ட்டை இரண்டு பலகைகளுக்கு இடையில் வைத்து இறுக்கி, பலகைகளைச் சட்டத்தோடு பிணைக்கிறார். அதன் பிறகும் பையன் கையை விடவில்லை. நீண்ட பிடியுள்ள வாரியால் நெல்லை இழுக்கிறான். பாதி வாரியபோது பெல்ட் இரண்டு விரல்கட்டை அளவு இறங்கிப் பலகையில் நிற்கிறது.

கதை இவ்வளவுதான்.

இதைச் சொன்ன பிறகு உங்கள் ஆட்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், தயாராக இருங்கள்: “மின்சாரம் மாலைவரை வராவிட்டால்?” அப்போது தனி ஐசொலேட்டரை நம்ப வேண்டாம். ஆலை முழுவதற்குமான பிரதான ஆளியைத் துண்டித்துப் பூட்டலாம். ஜெனரேட்டர் இருந்தால், ஊர் மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் ஆளிக்குப் பிறகு வரும் ஆளியைத்தான் பூட்ட வேண்டும். அதற்கு முன்னால் உள்ளதைப் பூட்டினால், யாராவது ஜெனரேட்டரை இயக்கியதும் பூட்டு வீணாகிவிடும். எது எங்கே இருக்கிறது என்பதை மின்னியலாளரோடு கேபிளைத் தொட்டுத் தொடர்ந்து பார்த்து, அறுவடைக்கு முன்பே குறித்து வையுங்கள்.

சிலைடில் நான் மாற்றியது ஒரே ஒரு வரி. “பொத்தானை அழுத்திச் சோதி” என்று இருந்ததை, “பக்கத்து இயந்திரம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, உன் பொத்தானை அழுத்து” என்று எழுதிவிட்டேன்.