முப்பது பூச்செல்லாம் வேண்டாம்

கே: 15-ஆம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் வேன் எய்க்கின் படங்களில் நிறம் உள்ளிருந்து ஒளிர்வது எப்படி?

ஒளி உள்ளே போய்த்தான் திரும்புகிறது. ஓக் பலகையில் சுண்ணக்கட்டித் தூளும் விலங்குப் பசையும் பூசித் தேய்த்த வெள்ளைத் தளம், அதன்மேல் வெளிர் நிறம், அதற்கும் மேல் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த கிளேஸ், அதாவது ஒளி ஊடுருவும் வண்ணப்பூச்சு. வெளிச்சம் கிளேஸைக் கடந்து, வெளிர் அடுக்கில் பட்டு, மறுபடி அதே கிளேஸ் வழியாக வருகிறது. இரண்டு முறை வடிகட்டப்படுவதால் நிறம் ஆழமாகிறது.

கே: முப்பது அடுக்கு பூசுவார்களாமே?

யார் சொன்னது? பெரும்பாலும் இரண்டு, மூன்றுதான். 1434-ல் அவர் வரைந்த ஆர்னோல்ஃபினி தம்பதி படத்தின் பச்சை உடையை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வெர்டிகிரிஸ் என்ற செம்புப் பச்சையுடன் ஈயவெள்ளையும் ஈயத்தகர மஞ்சளும் கலந்த பூச்சு, மேலே வெர்டிகிரிஸ் கிளேஸ். மடிப்பின் பள்ளத்தில் கிளேஸ் தடிப்பு, மேட்டில் மெல்லிசு. ஆழம் காட்டுவது அந்தத் தடிப்பு வித்தியாசம்தான். கீழ்ப்பூச்சு காயாமல் மட்டும் மேலே போகாதீர்கள்.

கே: எண்ணெய் ஓவியத்தைக் கண்டுபிடித்தவர் வேன் எய்க் என்று படித்தேன். அவருடைய ரகசியக் கலவை என்ன?

இந்தக் கடிதம் வராத மாதமே இல்லை. கதையைக் கிளப்பிவிட்டவர் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி. 1550-ல், அதாவது வேன் எய்க் இறந்து நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, இத்தாலியில் உட்கார்ந்து எழுதினார். வெயிலில் காயவைத்த பலகை பிளந்ததாம், உடனே வேன் எய்க் நிழலில் காயும் எண்ணெயைத் தேடினாராம்! ஆனால் 12-ஆம் நூற்றாண்டிலேயே தியோஃபிலஸ் என்ற துறவி ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் அரைப்பதை எழுதிவைத்திருக்கிறார். ஒவ்வொரு பூச்சும் காய நெடுநேரம் ஆகிறது என்ற அலுப்பும் அதிலேயே இருக்கிறது. வேன் எய்க்கிடம் இருந்தது ஆளிவிதை எண்ணெய், சில இடங்களில் அதைக் காய்ச்சியது, கொஞ்சம் பைன் பிசின். மற்றதெல்லாம் கண்ணும் கையும். ரகசியக் கலவை என்று யாராவது புட்டி விற்றால் வாங்காதீர்கள்.

கே: மாணிக்கக் கல் வரைந்தால் சிவப்புப் பொத்தான் மாதிரி வருகிறது.

இரண்டு வெளிச்சத்தையும் ஒரே பக்கம் வைத்திருப்பீர்கள். ஒளி வரும் பக்கத்தில் ஈயவெள்ளைப் புள்ளி ஒன்று, அது கல்லின் மேற்பரப்பு. உள்ளே நுழைந்த ஒளி எதிர்ப்பக்கம் தேங்கும். அங்கே அடி வெளிராக இருக்கட்டும், சிவப்பு கிளேஸ் மெல்லிசாக. புள்ளிக்குப் பக்கத்தில்தான் இருட்டு.

கே: ஆர்னோல்ஃபினி படத்தில் தொங்கும் பித்தளை விளக்குக்குத் தங்கத் தகடா?

இல்லை, வெறும் வண்ணம். இருண்ட பழுப்பு ஓரத்தை ஒட்டியே பளிச்சென்ற மஞ்சள் கீற்று வைத்தால் போதும்.

கே: என் கிளேஸ் சுருங்கிவிட்டது, ஏன்?

எந்த எண்ணெய், எவ்வளவு தடிப்பு, எத்தனை நாள் காயவிட்டீர்கள் என்று ஒன்றுமே எழுதவில்லை. எண்ணெய் காய்வது ஆவியாகி அல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து. தடிப்பாகப் பூசினால் மேல்தோல் முதலில் இறுகிச் சுருங்கும். மெல்லிசாகப் பூசுங்கள். மறுபடி சொல்கிறேன், கீழ்ப்பூச்சு காயட்டும்.