அந்த ஓட்டை யாரோடது? வந்த போட்டோக்களுக்கு பதில்

இந்த தடவை முப்பது போட்டோ கிட்ட வந்திருக்கு, அதுல பாதிக்கு மேல அளவு தெரிய பக்கத்துல ஒண்ணுமே வைக்கல. ஓட்டைக்கு பக்கத்துல ஒரு தீப்பெட்டி வைங்க, அஞ்சு சென்டிமீட்டர் நீளம், அது போதும்னு எத்தன தடவ எழுதுறது? சரி, பாக்க முடிஞ்சத பாத்துட்டேன்.

வீட்டு ஓரத்துல, மழை படாத மணல்ல, புனல் மாதிரி குழி பத்து பதினஞ்சு இருக்கு. பாம்புக்குட்டியா?

குழியானை. ஓட்டையே இல்லையே அது, வெறும் சறுக்கு குழிதானே, அடியில எந்த வழியும் போகல பாருங்க. ஒரு எறும்ப விட்டு பாருங்க, கீழேர்ந்து மணல வீசி அடிக்கும்.

புல்தரையில சேமியாவ பிழிஞ்சு விட்ட மாதிரி சின்ன சின்ன மண் கட்டி. மருந்து அடிக்கணுமா?

மண்புழு போட்ட கட்டி. நல்ல மண்ணுக்கு ஏன் சார் மருந்து.

வேலி ஓரத்துல மூணடி பாம்பு புத்து இருக்கு, அடியில கை நுழையிற ஓட்டை. உள்ள பாம்பு இருக்கான்னு போட்டோ பாத்து சொல்லுங்க.

பாம்பு புத்துன்னு ஒண்ணு கிடையாது. பாம்புக்கு மண்ண வாரி கொட்ட காலும் இல்ல, கட்ட வாயும் இல்ல, கட்டினது முழுக்க கரையான். கரையான் புத்தெடுக்க கருநாகம் குடிபோச்சுன்னு நம்ம பாட்டிங்க கரெக்டாதான் சொல்லிட்டு போனாங்க. உங்க படத்துல மேல் பக்கம் கருப்பா ஈரமா ஒரு திட்டு தெரியுது, மத்த இடமெல்லாம் வெளுத்து காஞ்சிருக்கு, அப்போ கரையான் இன்னும் உள்ள வேலை பாக்குதுன்னு அர்த்தம். அடியில இருக்கற ஓட்டை கரையான் போட்டது இல்ல, எலியோ கீரியோ உடும்போ பின்னாடி வந்து பறிச்சது. பாம்பு உள்ள இருக்கான்னு போட்டோவுல யாராலயும் சொல்ல முடியாது. வாயில சிலந்தி வலை அறுபடாம இருந்தா சமீபத்துல பெரிசா எதுவும் அந்த வழியா போகலன்னு மட்டும் சொல்லலாம், வேற வழியா போயிருக்கலாம். கைய விடாதீங்க, மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க, எட்டி நில்லுங்க.

திருத்துறைப்பூண்டி பக்கம், சம்பா நட்டு இருபது நாள். வரப்பு முழுக்க எலி வளை, தண்ணி நிக்கவே மாட்டேங்குது. இருபது வளையிலயும் எலி மருந்து கேக் வச்சேன், ரெண்டு வாரமா ஒண்ணும் குறையல. நாலு படம் அனுப்பியிருக்கேன்.

இந்த கேள்வி வருஷா வருஷம் வருது, வருஷா வருஷம் எனக்கு கோபமும் வருது. யாரோட வளைன்னு பாக்காமலே மருந்து வாங்கிட்டு வந்துடறீங்க, வரப்புல ஓட்டைன்னா எலின்னு ஒரு முடிவு.

முதல் படம் எடுத்துக்குவோம். நல்லவேளை தீப்பெட்டி வச்சிருக்கீங்க. வாய் தீப்பெட்டி நீளத்துக்கு கொஞ்சம் கம்மி, ஆனா வட்டமா இல்ல, படுத்த முட்டை மாதிரி அகலம் ஜாஸ்தி உயரம் கம்மி. பக்கவாட்டுல நடக்கற ஜீவன் போற வாசல் அப்படித்தான இருக்கும். அடுத்தது வெளிய கிடக்கற மண்ணு, இதுதான் முக்கியம், ஓட்டைய விட்டுட்டு மண்ண பாருங்கன்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கறது இதுக்குத்தான். நண்டு ஈர சேத்த கால்களுக்கு நடுவுல அணைச்சு தூக்கிட்டு வந்து வாசல்ல வைக்கும், அதனால நிலக்கடலை சைஸ்ல உருண்டை உருண்டையா, ஒட்டி கெட்டியா கிடக்கும். எலி அப்படி தூக்காது, தோண்டி தோண்டி வெளிய தள்ளும், அதனால பொலபொலன்னு தூள் மண்ணு ஒரே பக்கமா விசிறி மாதிரி சரிஞ்சு கிடக்கும். உங்க படத்துல உருண்டை. உள் சுவரும் சேறு பூசின மாதிரி வழுவழுன்னு மின்னுது. தண்ணி மட்டத்துலேர்ந்து நாலு விரல் மேல. நண்டு.

ரெண்டாவதும் மூணாவதும் அதே கதைதான். நாலாவது மட்டும் வேற, அது வரப்பு மேல தண்ணிக்கு எட்டாத இடத்துல இருக்கு, வட்ட வாய், தூள் மண்ணு, பக்கத்துல நறுக்கின தாள் துண்டு, புல்லுக்குள்ள ஓடி ஓடி தேஞ்ச ஒரு தடம். அது வரப்பு எலி. ஆக நீங்க அனுப்பினதுல நாலுக்கு மூணு நண்டு, கேக் குறையாம ஊறி கிடக்கறதுல ஆச்சரியம் என்ன இருக்கு.

பயிரும் இதையேதான் சொல்லுது. நட்ட முதல் ரெண்டு மூணு வாரத்துல தண்ணி மட்டத்துல நாத்த அறுத்து மிதக்க விடறது பெரும்பாலும் நண்டு, எலியோட பெரிய சேதம் பொதிக்கு வந்தப்புறம்தான், அப்போ தூர சாய்வா கத்தி வச்ச மாதிரி வெட்டியிருக்கும். தண்ணி கசியறது நண்டு வளை வரப்புக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போனதால, அதுக்கு மருந்து இல்ல, மண்வெட்டிதான். அண்டை வெட்டி சேறு பூசுங்க, வளைய வாயில மட்டும் அடைக்காம உள்ள வரைக்கும் மிதிச்சு அடைங்க. குருணை மருந்த நண்டு வளையில கொட்டுன்னு பக்கத்து வயல்காரர் சொல்வாரு, கேக்காதீங்க, நண்ட திங்கற கொக்கும் நாரையும் சேர்ந்து சாகும். நாலாவது படத்து எலிக்கு தஞ்சாவூர் கிட்டி வைங்க. வரப்ப ஒன்றரை அடிக்கு மேல அகலமா விடாதீங்க, அகல வரப்பு எலிக்கு பங்களா.

வளை வாய் மண்ணு போட்டு மூடியிருக்கு, அப்போ எலி காலி பண்ணிட்டு போயிடுச்சுதானே?

தலைகீழ். வரப்பு எலி உள்ளேர்ந்து தானே மண்ணு வச்சு அடைச்சுக்கும், புது ஈர மண்ணால அடைச்ச வாய்னா ஆள் வீட்லதான் இருக்கு. கோடையில நண்டும் அடைச்சுட்டு உள்ள படுத்துக்கும். சந்தேகம்னா சாயங்காலம் எல்லா வளையையும் சேறு வச்சு மூடிட்டு விடியக்காலைல போய் பாருங்க, திறந்து கிடக்கறதுலதான் ஆள் இருக்கு, வெளிய வந்த மண்ணு தூளா உருண்டையான்னும் அப்பவே தெரிஞ்சிடும். மருந்து கடைக்கு போறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க.

செம்மண் மேட்டுல ஒரு ரூபா காசு அளவு வட்ட ஓட்டை, மண்ணே வெளிய இல்ல, வாய் ஓரம் வெள்ளையா நூல் மாதிரி.

சிலந்தி. அந்த நூல் பட்டு, வாய சுத்தி நெய்திருக்கு. காசு வச்சு எடுத்ததுக்கு நன்றி. விரல விடாதீங்க.

இது என்ன ஓட்டை? (ஒரு படம்)

ராத்திரி ஃபிளாஷ் போட்டு, நேர் மேலேர்ந்து, நடுவுல ஒரு கருப்பு வட்டம். நிலாவுல இருக்கற பள்ளம்னாலும் நம்புவேன். காலைல வெயில் சாய்வா இருக்கும்போது, மண்டி போட்டு பக்கவாட்டுல ஒண்ணு, ரெண்டடி தள்ளி சுத்தி இருக்கற மண்ணு தெரிய ஒண்ணு, வயலா மேடா கடற்கரையான்னு ஒரு வரி. தீப்பெட்டி.

நேத்து மழைக்கு அப்புறம் காலைல வாசல்ல திடீர்னு கீறல் மாதிரி சின்ன சின்ன திறப்பு, சுத்தி இறக்கையா கிடக்கு.

ஈசல் கிளம்பின வழி. கரையான் மத்த நாள்ல வாசல திறந்து போடாது, இதுக்கு மட்டும்தான் திறக்கும், இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அதுவே மூடியிருக்கும். இறக்கை நிலைப்படிக்கு உள் பக்கமும் கிடந்தா அடுத்த தடவ கதவு சட்டத்தோட அடிப்பக்கத்த படம் எடுத்து அனுப்புங்க, மண் கோடு ஏதாவது மேல ஏறுதான்னு பாக்கணும்.