பார்வை குறைந்த பிள்ளைக்கு நித்திரை நேரத்தை எப்படித் தெரியப்படுத்துவது?

திருகோணமலைப் பக்கமிருந்து வந்த நாலு கேள்விகளுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். நாலும் ஒன்று முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளைப் பற்றியவை.

மகளுக்கு இரண்டு வயது. வெளிச்சமும் பெரிய உருவங்களும் மட்டும் தெரியும். இரவில் படுக்கைக்குத் தூக்கினாலே கத்துகிறாள். ஏன்? (உப்புவெளி)

நன்றாகப் பார்க்கும் பிள்ளைக்கு, நீங்கள் தூக்குவதற்கு முன்பே பல அறிவிப்புகள் போய்விடுகின்றன. அம்மா பாய் விரிக்கிறா, நுளம்பு வலையை இறக்கிவிடுகிறா, அப்பா கதவைச் சாத்துகிறார். உங்கள் மகளுக்கு இவை எதுவும் எட்டுவதில்லை. விளையாடிக்கொண்டிருந்தவளை எங்கிருந்தோ இரண்டு கைகள் வந்து தூக்குகின்றன. அந்தக் கத்தல் அடம் இல்லை, திடுக்கிடல்.

முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு தோளைத் தொடுங்கள், எப்போதும் அதே தோளை. அடுத்து அவளுடைய கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். உங்கள் பழைய பருத்திச் சேலையில் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்த கைக்குட்டை அளவு துண்டு போதும். கொடுத்ததும் அவசரப்படாமல் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிள்ளை அதைத் தடவி, முகர்ந்து, என்னவென்று விளங்கிக்கொள்ள அந்த நேரம் வேண்டும். பிறகு துணியை அவளே பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சுவரைத் தடவியபடி நடந்து வரட்டும். கால் கழுவுதல், உடுப்பு மாற்றல், படுக்கை, முதுகில் தட்டல், பாட்டு என்ற வரிசை ஒரு நாளும் மாறக்கூடாது. எல்லாம் அரை மணித்தியாலத்துக்குள் முடியட்டும். படுக்கையில் அவளுடைய கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் கையை அவளுடைய கைக்குக் கீழே வைத்து, தலையணையையும் வலையின் ஓரத்தையும் சேர்ந்தே தொட்டுக் காட்டுங்கள்.

அந்தத் துணி பகலில் வெளியே வரவே கூடாது. பகல் விளையாட்டிலும் கையில் இருந்தால் அது இரவைச் சொல்லாது. அம்மம்மா வீட்டில் தங்கும் நாட்களிலும் துணியும் வரிசையும் கூடவே போகவேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது குழம்புவது அங்கேதான்.

சில வாரங்களில் பலன் தெரியும். துணி கைக்கு வந்ததும் அவள் அமைதியாகலாம், அறைப் பக்கம் திரும்பலாம். துணியைத் தள்ளிவிட்டு அழுதாலும் மனம் விடாதீர்கள். அது என்ன சொல்கிறது என்று விளங்கியதால்தான் வேண்டாம் என்கிறாள்.

நித்திரை நேரத்தைக் காட்டும் மணத்துக்காக நெஞ்சில் தைலம் பூசலாம் என்று அப்பம்மா சொல்கிறா. (தம்பலகாமம்)

வேண்டாம். கற்பூரமும் யூகலிப்டஸும் சேர்ந்த தைலங்கள் சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பே வரலாம். சாம்பிராணிப் புகையும் படுக்கையறைக்கு ஏற்றதல்ல. தேங்காயெண்ணெய் பாதுகாப்பானதுதான், ஆனால் காலையில் தலைக்கும் அதே எண்ணெய் என்றால் அந்த மணம் எந்த நேரத்தையும் காட்டாது. இரவில் கால் கழுவ மட்டும் என்று ஒரு மென்மையான பேபி சோப்பை ஒதுக்கிவையுங்கள். மூக்கு ஒரு மணத்துக்குச் சில நிமிடங்களிலேயே பழகிவிடும். ஆகவே மணம் வரிசையின் தொடக்கத்தில் வருவதே நல்லது.

ஃபோனில் மழைச் சத்தம் போட்டால் மகன் தூங்குகிறார். விடிய விடிய ஓடவிடலாமா? (கிண்ணியா)

அவர் வீட்டைக் காதால்தான் பார்க்கிறார். உம்மாவின் காலடி, குசினிக் குழாய், வாப்பா கதவு திறக்கும் சத்தம் எல்லாம் அவருக்கு யார் எங்கே என்று சொல்கின்றன. இரவு முழுவதும் ஓடும் சத்தம் அவற்றை மூடிவிடும். நடுவில் ஃபோன் சார்ஜ் இறங்கி நின்றாலும் எழும்பிவிடுவார். அதைவிட நீங்கள் வாயால் பாடும் ஒரே தாலாட்டு நல்லது, படுத்த பிறகு ஐந்து, பத்து நிமிடம் போதும். இஷா பாங்கு கேட்டதும் கால் கழுவப் போவது என்று வைத்துக்கொள்ளலாம். வருடத்தில் பாங்கு நேரம் கொஞ்சம் முன்பின்னாகும், பரவாயில்லை. பிள்ளை மணிக்கூட்டைவிட வரிசையைத்தான் பிடித்துக்கொள்ளும்.

மகனுக்கு வெளிச்சமே தெரியாது என்று டொக்டர் சொன்னார். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் இரவு இரண்டு மணிக்கு எழும்பி விளையாடுகிறான். (மூதூர்)

உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வது கண் வழியாக வரும் வெளிச்சம். அது எட்டாத பிள்ளைகள் சிலருக்கு அந்தக் கடிகாரம் 24 மணித்தியாலத்தைவிடச் சற்று நீளமாக ஓடும். தொடுதலும் பாட்டும் மட்டும் அதைத் திருத்திவிடாது. தூங்கிய, எழும்பிய நேரங்களை இரண்டு, மூன்று வாரம் கொப்பியில் எழுதுங்கள். நேரம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தால், கொப்பியோடு குழந்தை வைத்திய நிபுணரிடம் போங்கள். நித்திரை நேரத்தைச் சீராக்க உதவும் மெலடோனின் என்ற மருந்தைத் தருவதா, எவ்வளவு, எந்த நேரத்தில் என்பதை அவர்தான் சொல்லவேண்டும். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அதுவரை, இரவு எழும்பினால் விளையாட்டுச் சாமான் எடுக்காமல், முதுகில் தட்டுவதை மட்டும் திரும்பச் செய்யுங்கள். காலைக்கு வேறொரு அடையாளம் வேண்டும். முகத்தில் ஈரத் துவாய் வைத்து, ஜன்னலைத் திறந்து, தேத்தண்ணி ஆற்றும் சத்தம் கேட்கும் இடத்துக்குக் கூட்டிப் போகலாம். இரவில் இவற்றில் ஒன்றும் நடக்கக்கூடாது.