இரவு அரிப்பும் தூக்கம் தரும் சிரப்பும்

நான்கு வயது மகளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கரப்பான் இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஹைட்ராக்சிசின் சிரப்பை மூன்று மாதமாக இரவில் கொடுக்கிறோம். முதல் வாரம் அசந்து தூங்கினாள். இப்போது நள்ளிரவில் எழுந்து சொறிகிறாள். அளவைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம். இந்த சிரப் தடுப்பது, அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற உடல் வேதிப்பொருளை. கரப்பானின் அரிப்பில் அதன் பங்கு சிறிதுதான். வறண்டு, வெடித்து, அழன்று போன தோலிலிருந்து வரும் வேறு பொருள்களே நரம்பை அதிகம் தூண்டுகின்றன. ஆகவே இந்த சிரப் அரிப்பை அடக்கவில்லை, குழந்தையை மயங்க வைத்தது, அவ்வளவே. அந்த மயக்கத்துக்கு உடல் சில நாள்களிலேயே பழகிவிடும் என்பதால்தான், அரிப்பு கடுமையாகித் தூக்கம் கெடும் நாள்களில் மட்டும், ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு, இதைத் தருவது வழக்கம். அளவைக் கூட்டினால் காலையில் எழ முடியாத மந்தமும் பள்ளியில் கவனக்குறைவும்தான் கூடும். இதயத் துடிப்பின் ஒழுங்கு பாதிக்கப்படும் வாய்ப்பும் உண்டு. மாதக்கணக்கில் கொடுத்துவிட்டதால், நிறுத்தும் முறையை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான வேலை தோலில் இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்கு மிகாமல் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் ஈரப்பசைக் களிம்பை உடல் முழுவதும் பூசுங்கள். குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம் வரை செலவாகும். சிறிய டியூப் ஒன்று மாதம் முழுக்க வந்தால் போதிய அளவு பூசவில்லை என்று பொருள். சிவந்த இடங்களுக்கு மருத்துவர் தந்த ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து பயந்து தடவுவதே நான் அதிகம் காணும் தவறு. உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களோடு சேர்ந்த இரு உள்ளங்கைகளின் பரப்புக்குப் போதும். ஒவ்வொரு திட்டும் அப்படிப்பட்ட ஓர் உள்ளங்கையில் பாதி இருந்தால், நான்கு மடிப்புகளுக்கும் அந்த ஓர் அளவே சரி. சிவப்பும் சொரசொரப்பும் மறையும் வரை, மருத்துவர் சொன்ன நாள்கள் பூசுங்கள்.

மகனுக்கு இரவில்தான் அரிப்பு. எங்களுக்கும் சில நாள்களாக அரிக்கிறது. அதே சிரப் போதுமா?

போதாது. வீட்டில் பலருக்கும் இரவில் அரித்து, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிகள் தெரிந்தால், தோலுக்குள் புகும் நுண்ணிய பூச்சியால் வரும் சிரங்காக இருக்கலாம். சிரப் கொடுத்துத் தூங்க வைத்தால் பூச்சி பெருகிக்கொண்டே இருக்கும். மருத்துவரிடம் காட்டுங்கள், சிரங்கு என்று உறுதியானால் அரிப்பு இல்லாதவர்கள் உட்பட எல்லாரும் ஒரே நாளில் அந்தப் பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் களிம்பைப் பூசி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூச வேண்டியிருக்கும்.

சளிக்கான சிரப்பையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

கூடாது. பல சளி சிரப்புகளில் குளோர்பெனிரமின் இருக்கிறது. அதுவும் தூக்கம் தரும் இதே வகை மருந்துதான். அது, மூக்கடைப்பைக் குறைக்கும் ஃபினைல்எஃப்ரினுடன் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தரக்கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் அறிவுறுத்தியிருக்கிறது. இரண்டையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டு, குழந்தையை எழுப்ப முடியவில்லை என்றாலோ மூச்சு மெதுவானாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இரண்டு புட்டிகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.